ஐந்து மாதமா, இருபது வாரமா? தொழிற்பயிற்சிச் சான்றிதழ் என்ன சொல்ல வேண்டும்

பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நம் மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பை முடிக்கும் முன் ஏதாவது ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி செய்கிறார்கள். பயிற்சியின் கடைசி நாளில் ஒரு சான்றிதழ் கைக்கு வரும். பலரும் அதைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுக் கோப்பில் வைத்துவிடுவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படிப்பது பெரும்பாலும் ஓராண்டு கழித்துத்தான், முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் போது.

புதிதாக வேலைக்கு வருபவர்களின் ஆவணங்களைப் படிக்கும் பணியில் நான் சில ஆண்டுகளாக இருக்கிறேன். பயிற்சிச் சான்றிதழுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான படிவம் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தெரிந்தபடி எழுதுகிறது. அதனால் நன்றாக உழைத்த மாணவரின் சான்றிதழ் வெறும் வாழ்த்து மடலாகவும், சுமாராக இருந்தவரின் சான்றிதழ் தெளிவான ஆவணமாகவும் அமைந்துவிடுவதைப் பார்க்கிறேன். படிப்பவருக்கு இருவரையும் தெரியாது. தாளில் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

நான்கு விஷயங்களை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். டிப்ளோமா கணக்கியல் படிக்கும் ஒரு மாணவி சிலாங்கூரில் உள்ள ஒரு சிறிய கணக்கியல் நிறுவனத்தில் 20 வாரப் பயிற்சி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சான்றிதழில் இப்படி எழுதப்பட்டிருக்கிறது: “இவர் பிப்ரவரி முதல் ஜூன் 2025 வரை எங்கள் கணக்குப் பிரிவில் பயிற்சி பெற்றார். பல பணிகளில் உதவினார். நல்ல நடத்தை உடையவர். அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.”

முதலில் காலம். “பிப்ரவரி முதல் ஜூன் வரை” என்றால் எத்தனை வாரம்? பிப்ரவரி 1 முதல் ஜூன் 30 வரை எண்ணினால் 150 நாள், அதாவது 21 வாரமும் 3 நாளும். பிப்ரவரி 28இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தாலும் அதே வாசகம் பொருந்தும். அப்போது வருவது 94 நாள், அதாவது 13 வாரமும் 3 நாளும். ஒரே வரிக்குள் எட்டு வார வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. கல்லூரிகள் பயிற்சியை வாரக் கணக்கில்தான் அளக்கின்றன. பொறியியல் பட்டப்படிப்புகளில் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட் என்பது வழக்கமான கணக்கு. மேற்படிப்புக்குப் போய்க் கிரெடிட் விலக்குக் கேட்டாலும், வேறு கல்லூரிக்கு மாறினாலும், “சுமார் ஐந்து மாதம்” என்பதை வைத்து யாராலும் எதையும் கணக்கிட முடியாது.

ஆகவே தொடங்கிய நாள், முடிந்த நாள் இரண்டும் முழுத் தேதியாக வேண்டும். நம் மாணவி 3 பிப்ரவரி 2025 திங்கட்கிழமை தொடங்கி 20 ஜூன் 2025 வெள்ளிக்கிழமை முடித்தார் என்றால் அது சரியாக 20 வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்று 100 வேலை நாள். அந்த இடைவெளியில் சிலாங்கூரில் தைப்பூசம், நூசுல் குர்ஆன், நோன்புப் பெருநாளின் இரண்டு நாள், தொழிலாளர் தினம், விசாக தினம், மாமன்னர் பிறந்தநாள் என ஏழு பொது விடுமுறைகள் வார நாள்களில் வந்தன. எஞ்சியவை 93 நாள். அவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தால் பணிக்கு வந்தது 91 நாள். முழு நேரமா பகுதி நேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் ஒரு வரியில் வந்துவிட்டால் காலம் பற்றிய கேள்வியே எழாது.

அடுத்தது பணிகள். “பல பணிகளில் உதவினார்” என்பது ஆவணங்களை நகலெடுத்தவருக்கும் பொருந்தும், ஒரு வாடிக்கையாளரின் கணக்கையே முடித்துக் கொடுத்தவருக்கும் பொருந்தும். ஒரு பணியைச் சொல்லும்போது மூன்று விஷயம் தெரிய வேண்டும். எதைச் செய்தார், எந்தக் கருவியில் செய்தார், எவ்வளவு தூரம் தானே செய்தார். கடைசியாகச் சொன்னதைத்தான் பல நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. கவனித்தார், உதவினார், மேற்பார்வையில் செய்தார், தனியாகச் செய்தார் என்ற நான்கும் நான்கு வெவ்வேறு நிலைகள்.

நம் மாணவிக்கு அந்தப் பகுதி இப்படி அமையலாம்: “மாதந்தோறும் ஐந்து வாடிக்கையாளர் நிறுவனங்களின் வங்கி அறிக்கையைப் பணப் புத்தகத்தோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் கண்டறிந்தார், முதல் இரண்டு மாதம் மேற்பார்வையில், பிறகு தனியாக. கொள்முதல் விலைப்பட்டியல்களை எஸ்கியூஎல் அக்கவுண்டிங் மென்பொருளில் பதிவு செய்தார். மின் விலைப்பட்டியல்களை மைஇன்வாய்ஸ் தளத்தில் சமர்ப்பிக்கும் முன் வாங்குபவர் விவரங்களைச் சரிபார்ப்பதில் உதவினார்.” சான்றிதழ் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம், உள்ளடக்கம் இதுதான். உள்நாட்டு வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியலை ஆகஸ்ட் 2024 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. அந்த அனுபவம் உள்ள ஒருவரைத் தேடும் நிறுவனத்துக்கு மேலே உள்ள மூன்றாவது வாக்கியம் ஒன்றே போதும், உங்களை நேர்முகத்துக்கு அழைக்க.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வாடிக்கையாளர்களின் பெயர், அவர்களுடைய விற்றுமுதல் போன்றவை சான்றிதழில் வரக்கூடாது. “ஐந்து வாடிக்கையாளர் நிறுவனங்கள்” என்ற எண்ணிக்கை போதும். மூன்று முதல் ஐந்து பணிகள் போதுமானவை. பதினைந்து பணிகள் அடுக்கியிருந்தால், வேலை விளம்பரத்திலிருந்து எடுத்து ஒட்டியது போலத்தான் தெரியும்.

மூன்றாவது நடத்தை. “நல்ல நடத்தை உடையவர்” என்பது எல்லாருக்கும் எழுதப்படும் வரி. அதனால் அது யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினால் மட்டுமே நடத்தை பற்றிய வரிக்கு எடை வரும். “93 வேலை நாள்களில் 91 நாள் பணிக்கு வந்தார், இரண்டு நாள் விடுப்பை முறையாகத் தெரிவித்தார். மாத இறுதிக் கணக்குகளை ஒப்புக்கொண்ட தேதியில் கொடுத்தார். வாடிக்கையாளர் ஆவணங்களின் இரகசியத்தைக் காத்தார்.” இதைப் படிப்பவர் தன் அலுவலகத்தில் உங்களை வைத்துக் கற்பனை செய்து பார்க்க முடியும்.

விடுப்புக்கான நோய் என்ன என்பது இங்கே தேவையில்லை. புள்ளிகளும் தேவையில்லை. மேற்பார்வையாளர் கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பீட்டுப் படிவம் வேறு, உங்கள் கையில் தரும் சான்றிதழ் வேறு. குறை நிறைகளை எடைபோட்டுப் புள்ளி கொடுப்பது முதலாவதன் வேலை. ஒரு மாணவரின் நடத்தையில் நிறுவனத்துக்கு நிறைவில்லை என்றால், பொய்யாகப் புகழவும் வேண்டாம், நிரூபிக்காத குற்றச்சாட்டை எழுதவும் வேண்டாம். தேதியையும் பணியையும் மட்டும் எழுதிக் கொடுப்பதே நேர்மையான வழி. ஆனால் நடத்தை பற்றிய வரி இல்லாததை அனுபவமுள்ளவர்கள் கவனிப்பார்கள் என்பதையும் மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, மேற்பார்வையாளரின் உறுதிப்பாடு. மேலே சொன்ன மூன்றும் யாருடைய சாட்சியம் என்பதை இந்தப் பகுதிதான் சொல்கிறது. நான் பார்க்கும் சான்றிதழ்களில் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். புரியாத ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும் இருக்கும். கையெழுத்திட்டவர் யார் என்று தெரியாது. அல்லது மாணவரை ஒரு நாள்கூடப் பார்த்திராத இயக்குநர் கையெழுத்திட்டிருப்பார்.

தேதிகளை மனிதவளப் பிரிவு உறுதி செய்யலாம், ஏனெனில் வருகைப் பதிவு அவர்களிடம் இருக்கிறது. பணியையும் நடத்தையையும் நேரடி மேற்பார்வையாளர்தான் உறுதி செய்ய முடியும். எனவே இரண்டு கையெழுத்து இருப்பது நல்லது. சிறு நிறுவனமாக இருந்து ஒருவரே கையெழுத்திட்டால், “பயிற்சிக் காலம் முழுவதும் இவரை நேரடியாக மேற்பார்வையிட்டேன்” என்ற வரி வேண்டும். பெயர், பதவி, கையெழுத்திட்ட தேதி, நிறுவனத்தின் எஸ்எஸ்எம் பதிவு எண், அலுவலகத் தொலைபேசி எண், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல், சான்றிதழின் குறிப்பு எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். அப்போது குறிப்பு எண்ணைச் சொன்னால் அலுவலகத்தில் இருக்கும் நகலை வைத்து இன்னொருவர் உறுதி செய்ய முடியும்.

கையெழுத்திட்ட தேதியில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. கல்லூரியில் அறிக்கை ஒப்படைக்க வேண்டும் என்று மாணவர்கள் ஒரு வாரம் முன்பே சான்றிதழ் கேட்கிறார்கள். ஜூன் 20இல் பயிற்சியை முடித்தார் என்று ஜூன் 13இல் கையெழுத்திட்டால், நடக்காத ஒன்றுக்குச் சாட்சி சொன்னதாகிவிடும். படிப்பவர் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார். அவசரம் என்றால், பயிற்சி நடந்து வருகிறது என்ற கடிதத்தை முதலில் வாங்குங்கள். சான்றிதழை கடைசி நாளிலோ அதற்குப் பிறகோ வாங்குங்கள்.

இவ்வளவையும் நிறுவனம் தானாக எழுதித் தரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, உங்கள் வாராந்திரப் பதிவேட்டை எடுத்து, அதிகம் செய்த நான்கு பணிகளை ஒரு பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள். அவர் திருத்தி, குறைத்து, தன் சொல்லில் எழுதிக்கொள்ளட்டும். வேலைப்பளு உள்ள மேற்பார்வையாளர்கள் இதை உதவியாகவே எடுத்துக்கொள்வார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு வாரமும் அவர் கையெழுத்து இருந்தால், நீங்கள் எழுதிய எதையும் அவர் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சான்றிதழை வாங்கிய அன்றே அங்கேயே படியுங்கள். பெயரின் எழுத்து, அடையாள அட்டை எண், தேதிகள் மூன்றையும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் புதிதாக ஒன்று கேளுங்கள். ஓர் எழுத்துப் பிழைதானே என்று கணினியில் நீங்களே திருத்திவிடாதீர்கள். அலுவலக நகலோடு ஒப்பிடும்போது அது திருத்தப்பட்ட ஆவணமாகவே தெரியும். பொய்யான ஆவணத்தை உண்மையானது போல் பயன்படுத்துவது தண்டனைச் சட்டம் 471ஆவது பிரிவின் கீழ் குற்றம். இணையத்தில் பகிர விரும்பினால் அடையாள அட்டை எண்ணை மறைத்த நகலைப் பகிருங்கள். அசல் தாளையும் பதிவேட்டையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சான்றிதழில் உள்ள நான்கு வரிகளுக்கு விளக்கம் கேட்கப்படும் போது பதில் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும்.