முழு சிக்னலும் மூன்று மணி நேர மீட்டிங்கும்

ஊத்தங்கரைப் பக்கம் வீட்டுக்கு ஒயர் இணைப்பு வாங்கலாமா என்று யாராவது பேச்செடுத்தால் போதும், உடனே ஒரு பதில் வந்து விழும். "போன்லயே தினம் 2 ஜிபி வருதே, அப்புறம் எதுக்குப்பா ஒயரு?" படம் பார்க்கிறவருக்கும் பாட்டு கேட்கிறவருக்கும் இது சரியான பதில்தான். ஆனால் பெங்களூரிலோ ஓசூரிலோ உள்ள அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் குடும்பத்துக்கும் இதையே சொல்வதுதான் வம்பு. 2020 மார்ச் ஊரடங்கில் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பியவர்களில் பலர் இந்த அறிவுரையைக் கேட்டுத்தான் மொட்டை மாடியில் மடிக்கணினியோடு அலைந்தார்கள்.

முதலில் அந்த 2 ஜிபியைப் பார்ப்போம். பலர் சேர்ந்து பேசும் வீடியோ அழைப்புக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று ஜூம் நிறுவனமே சொல்லியிருக்கிறது. சாதாரண தரத்துக்கு நம் வீட்டிலிருந்து வெளியே போக 1 எம்பிபிஎஸ், உள்ளே வர 0.6 எம்பிபிஎஸ். இரண்டையும் கூட்டி ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால் சுமார் 720 எம்பி ஆகிறது. அதாவது 2 ஜிபி என்பது இரண்டே முக்கால் மணி நேர மீட்டிங், அவ்வளவுதான். கணவனுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம், மனைவிக்கு இரண்டு மணி நேரம் மீட்டிங் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனின் சிம் கடைசி மீட்டிங் முடியும் முன்பே காலி. மனைவியின் சிம்மில் மிச்சம் இருக்கும் அரை ஜிபியில்தான் மின்னஞ்சல், கோப்பு, விண்டோஸ் அப்டேட், பிள்ளையின் வீட்டுப்பாட வீடியோ எல்லாம் ஓட வேண்டும்.

தீர்ந்த பிறகு என்ன நடக்கும்? வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும் என்று திட்டத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். வீடியோ கிடக்கட்டும், அந்த மீட்டிங்கில் குரல் மட்டும் ஓடவே 60 முதல் 80 கேபிபிஎஸ் வேண்டும்! புது ஒதுக்கீடு நள்ளிரவு 12 மணிக்குத்தான் பிறக்கும். அமெரிக்க வாடிக்கையாளரோ இரவு எட்டரைக்குக் கூப்பிடுவார். ஊரே போனைக் கையில் எடுக்கும் நேரமும் அதுதான். கையிருப்பு தீர்வதும் டவரில் கூட்டம் சேர்வதும் ஒரே வேளையில் நடக்கின்றன.

இதைவிடப் பெரிய ஏமாற்று அந்த "முழு சிக்னல்" சமாச்சாரம். போனில் தெரியும் கோடுகள், டவர் பேசுவது போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதே இல்லை. டவர் பத்துக்கணக்கான வாட் சக்தியில் கத்துகிறது. போனால் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் முணுமுணுக்க முடியும். படம் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் எல்லாமே உள்ளே வருகிறது. மீட்டிங்கில் வெளியே போவதுதான் அதிகம், மேலே சொன்ன கணக்கையே மறுபடி பாருங்கள். அதனால்தான் நமக்கு எல்லார் முகமும் பளிச்சென்று தெரிய, அங்கே மேனேஜர் "யூ ஆர் ஃப்ரோஸன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு தரம் கேட்டாலே கோளாறு அப்லோடில் என்று எடுத்துக்கொள்ளலாம். இறங்கும் வேகத்தை மட்டும் சோதித்துவிட்டு "40 எம்பிபிஎஸ் வருதே" என்று மார்தட்டுவதில் பயனில்லை.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, காசு செலவில்லாதது. இரவு எட்டரைக்கு, மீட்டிங் நடக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஹாட்ஸ்பாட்டில் இணைத்த விண்டோஸ் கணினியில் இதை அடிக்க வேண்டும்.

```
ping -n 600 8.8.8.8
```

பத்து நிமிடம் ஓடும். ஒவ்வொரு வரியிலும் `time=` என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். அது 40, 45, 42 என்று சீராக இருந்தால் நல்லது. 40, 380, 60, 510 என்று குதித்தாலோ, இடையிடையே `Request timed out` என்று வந்தாலோ, சராசரி வேகம் எவ்வளவு இருந்தாலும் பேச்சு கடித்துக் கடித்துத்தான் போகும். மீட்டிங்குக்கு வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம்.

"5ஜி வந்தாச்சே, அதுல அளவே கிடையாதே" என்பார்கள். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் அந்தச் சலுகையைத் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களோடு நிறுத்திக்கொண்டன. போன் 5ஜியில் நிற்கும் வரைக்கும்தான் அளவில்லை. உள் அறைக்குள் போய் 4ஜிக்கு நழுவினால் பழைய 2 ஜிபியிலிருந்து கழியும். நழுவியதை யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

சரி, காசுக் கணக்கு. இங்கேதான் மொபைல் கட்சிக்காரர்கள் ஜெயித்ததாக நினைக்கிறார்கள். 2025 தொடக்க விலையில் ஜியோவின் தினம் 2 ஜிபி திட்டம் 349 ரூபாய், 28 நாளுக்கு. மாதம் 28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 மாதம்! ஒரு சிம்முக்கு 4,537 ரூபாய், இரண்டுக்கு 9,074. ஃபைபரில் 499 ரூபாய்த் திட்டம் என்றால் விளம்பரத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேராது (மொபைல் ரீசார்ஜ் விலையில் வரி சேர்ந்தே இருக்கும், ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இது). வரியோடு மாதம் 589, ஆண்டுக்குச் சுமார் 7,066. போன் பேச சிம் வேண்டுமே? ட்ராய் 2024 டிசம்பரில் போட்ட உத்தரவால் டேட்டா இல்லாத, பேச்சுக்கு மட்டுமான திட்டங்கள் வந்தன. ஜியோவில் அது 84 நாளுக்கு 448 ரூபாய். ஒருவர் அதற்கு மாறிக்கொண்டு, இன்னொருவர் 349ஐயே வைத்துக்கொண்டால் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 13,550 வருகிறது.

ஆக, ஃபைபர் மாதம் 370 ரூபாய் போலக் கூடுதல்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 9,074 என்ற அந்தக் கணக்கில் தினமும் பாதியில் அறுந்த மீட்டிங் சேரவில்லை, அவசரத்துக்குப் போட்ட டேட்டா கூப்பன்களும் சேரவில்லை. மலிவாகத் தெரிவதற்குக் காரணம், செலவில் பாதியை ஏட்டில் ஏற்றாததுதான். ஃபைபரில் கிடைக்கும் மாத அளவோ பல நிறுவனங்களில் 3,300 ஜிபி. அந்த வீடு தினம் ஐந்து மணி நேரம் பேசினாலும் மாதம் 110 ஜிபியைத் தாண்டாது.

ஃபைபர் அறவே அறுகாது என்று சொன்னால் அதுவும் பொய். இங்கே கம்பி பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வருகிறது. லாரி இழுக்கும், மரம் விழும், சாலை தோண்டுகிற ஜேசிபி பூமிக்கடியில் போவதையும் விடாது. பெட்டியில் `LOS` விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அப்போது பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவது வீண், கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். கம்பி ஒட்டி முடியும் வரை அந்த 349 சிம் தாங்கும், அதை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். `LOS` எரியாமல் இணையம் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில், அப்போது ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது கரண்ட். மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கும், பெட்டி செத்துவிடும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை, அதற்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் கேபிள்காரரின் பக்கத்திலும் பேட்டரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் யுபிஎஸ் சும்மா விளக்கெரிக்கத்தான். இணைப்பு வாங்கும் முன் அவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். "கரண்ட் போனா உங்க பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும்ணே? அப்லோடு எவ்வளவு தர்றீங்க?" இரண்டாவதற்கு அவர் டவுன்லோடு வேகத்தைச் சொன்னால் திரும்பவும் கேட்க வேண்டும்.