பரீட்சைக்கு முன்னாடி என்ன வேண்டிக்கலாம்?

மார்ச் மாசம் பொறந்தாச்சுன்னா பிளஸ் டூ பரீட்சை. கூடவே கோயில்கள்ல கூட்டம். கூத்தனூர் சரஸ்வதி, திருவந்திபுரம் ஹயக்ரீவர்னு சாமி காலடியில பேனாவும் ஹால் டிக்கெட்டும் வரிசை கட்டி நிக்கும். வேண்டிக்கிறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. எதை வேண்டிக்கிறோம் என்பதுலதான் எனக்கு ஒரு சின்ன வழக்கு இருக்கு.

எதிர்வீட்டுப் பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ. போன வாரம் ஒரு தாளை நீட்டி, "அங்கிள், இதைக் கொஞ்சம் நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க. ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிக்கணும்"னா. அஞ்சே வரி. தெரிஞ்ச கேள்வியா வரணும். பேப்பர் ஈஸியா இருக்கணும். திருத்துறவங்க மார்க்கை அள்ளிப் போடணும். கணக்குல செண்டம் வரணும். நான் பதறாம எழுதணும்.

படிச்சுப் பாருங்க. முதல் நாலும் ஒரு ஜாதி, கடைசி ஒண்ணு வேற ஜாதி. நாலும் வெற்றியைக் கேக்குது. அஞ்சாவதுதான் அவளைப் பத்திக் கேக்குது.

முதல் வரியை எடுத்துக்குவோம். கேள்வித்தாள் எப்பவோ அச்சாகி, சீல் வச்ச கட்டா பூட்டுக்குள்ள இருக்கு. அன்னிக்குக் காலையில வேண்டிக்கிட்டு அதை மாத்த முடியாது. ஆனா இந்த ஆசை நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. கத்தோலிக்கர்கள் பரீட்சை எழுதுறவங்களுக்குன்னே ஒரு புனிதரை வச்சிருக்காங்க, குப்பெர்த்தினோ ஊர் யோசேப்பு. 17ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர். படிப்பு சுத்தமா ஏறாதாம். ஒரே ஒரு நற்செய்திப் பகுதியைத்தான் நல்லா விளக்கத் தெரியுமாம். தேர்வு வச்ச ஆயர் புத்தகத்தை எங்கேயோ பிரிக்க, சரியா அதே இடம் வந்துச்சுன்னு அவர் கதையில சொல்றாங்க. அதனால அவர்கிட்ட "தெரிஞ்சதையே கேக்க வைங்க"ன்னு மன்றாடுற வழக்கம் இருக்கு. கதை அழகுதான். ஆனா மத்தவங்களுக்குப் பாடமா எடுத்துக்கச் சொன்னா நான் யோசிப்பேன் :-)

ரெண்டாவது வரி இன்னும் வேடிக்கை. பேப்பர் ஈஸின்னா எல்லாருக்கும் ஈஸி. இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50னு 200க்குக் கட்-ஆஃப் போடுறாங்க. பேப்பர் ஈஸியானா இவ மார்க்கோட சேர்ந்து ஊர் மார்க்கும் ஏறும். வரிசையில நிக்கிற இடம் மாறாது. அப்போ அந்த வேண்டுதலுக்கு உள்ளர்த்தம் "எனக்கு மட்டும் ஈஸி"தான். அதைச் சாமி முன்னாடி சத்தமா சொல்ல யாருக்கும் வாய் வராது.

மூணாவது வரி, திருத்துறவர். அவருக்கு இவ பேரே தெரியாது. அவர் கையில இருக்கிறது விடைத்தாள் மட்டும்தான். இந்த வரியில இவளால செய்யக்கூடிய பங்கு ஒண்ணு உண்டு. கேள்வி எண்ணைச் சரியா போடணும், அடிச்சுத் திருத்தாம எழுதணும். அப்படின்னா அதையே கேக்கலாமே?

நான் வச்சிருக்கிற சோதனை ரொம்ப எளிசு. ராத்திரி படுக்கும்போது, கேட்டது கிடைச்சுதா இல்லையான்னு அன்னிக்கே சொல்ல முடியணும். "செண்டம்" கிடைச்சுதான்னு மே மாசம்தான் தெரியும். "பதறாம எழுதினேனா" என்பது மத்தியானமே தெரிஞ்சிடும்.

ஆனா "பதறாம"ன்னு மொட்டையா கேட்டாலும் போதாது. எங்கே பதறும்னு தெரிஞ்சு கேக்கணும். கணக்குப் பேப்பரையே பார்ப்போம். மூணு மணி நேரம். அதுக்கு முன்னாடி கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிஷம் தர்றாங்க. ரெண்டு மார்க்குல பத்துக்கு ஏழு, மூணு மார்க்குல பத்துக்கு ஏழு. ரெண்டுலயும் ஒரு கேள்வி கட்டாயக் கேள்வி. பசங்க மாட்டுறது அங்கேதான். கட்டாயக் கேள்வி புரியலைன்னா கண்ணு இருட்டும். அந்த ரெண்டு மார்க்கோட அரை மணி நேரம் மல்லுக்கட்டிட்டு, கடைசியில தெரிஞ்ச அஞ்சு மார்க் கணக்குக்கு நேரம் இல்லாம எழுந்து வருவாங்க. ஆக, கேக்க வேண்டிய நிதானம் எதுன்னா, தெரியாததை அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போற தெம்பு.

இன்னொண்ணு, உழைப்பு. அதைப் பரீட்சைக் காலையில கேட்டுப் பிரயோஜனம் இல்லை. அது ஜூன்ல இருந்து தினமும் புத்தகத்தைத் திறக்கும்போது கேக்க வேண்டியது. அதுவும் "நல்லா படிக்கணும்"னு இல்லை, "இந்த ஒரு மணி நேரம் எழுந்திருக்காம உக்காரணும்"னு.

இதுக்கும் முன்மாதிரி இருக்கு. நம்ம ஊர் முஸ்லிம் பசங்க பலர் பரீட்சைக்கு முன்னாடி மூஸா நபியோட துஆவைச் சொல்வாங்க. குர்ஆன்ல 20ஆவது அத்தியாயத்துல வருது. பிர்அவ்ன்கிட்ட போகச் சொன்னதும் அவர் கேட்டது என்ன? நெஞ்சு விரியணும், வேலை இலகுவாகணும், நாக்குல இருக்கிற முடிச்சு அவிழணும், பேசுறது அவங்களுக்குப் புரியணும். அந்த வரிகள்ல பிர்அவ்ன் தோத்துப் போகணும்னு ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு பெரிய ராஜா முன்னாடி நிக்கப் போறவர், தனக்குள்ள ஆக வேண்டியதை மட்டும் கேக்கிறார்.

பொண்ணோட அம்மா விடலை. "பெத்தவ மனசுக்கு மார்க் வேணும்னு இருக்கே, அதை மறைச்சுட்டு நிதானம் குடுன்னு கேட்டா அது பொய் இல்லையா?"ன்னாங்க. நியாயமான கேள்வி. சாமிகிட்ட நடிக்கக் கூடாதுதான். அதனால வெற்றியைக் கேக்க வேண்டாம்னு நான் சொல்லலை. ரெண்டையும் பிரிங்கன்னுதான் சொல்றேன். வெற்றியை வீட்டுல, முந்தின நாளே, பெரியவங்க கேக்கட்டும். ஒரு தடவை சொல்லி ஒப்படைச்சிடட்டும். ஹால் வாசல்ல பிள்ளை வாயில அது வேண்டாம். காரணம், அங்கே "செண்டம்"னு சொன்ன பிள்ளைக்கு முதல் தெரியாத கேள்வியிலேயே சாமி கைவிட்டுட்டார்னு தோணும். நிதானம் கேட்ட பிள்ளைக்கு, அந்தக் கேள்விதான் கேட்டதைப் பயன்படுத்துற இடம்.

மொட்டை, அங்கப்பிரதட்சணம்னு பிள்ளை பேர்ல நேர்ந்துக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்க செலுத்துறது உங்க இஷ்டம். அதைப் பரீட்சைக்கு முன்னாடி பிள்ளைகிட்ட சொல்லாதீங்க. அது தலையில இன்னொரு கடனா ஏறும்.

கடைசியா அவளுக்கு எழுதிக் குடுத்தது இதுதான்:

"கடவுளே, எனக்குப் பயமா இருக்கு, அது உனக்குத் தெரியும். இந்த 10 நிமிஷமும் அவசரப்படாமல் படிக்க வை. தெரிந்ததை முதலில் எழுத வை. தெரியாததைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடாமல் நகர வை. கேள்வி எண்ணைச் சரியாகப் போட வை. பக்கத்தில் எழுதுகிறவளுக்கும் இதையே கொடு. மணி அடித்த பிறகு நடப்பது உன் பொறுப்பு."

"பக்கத்தில் எழுதுகிறவளுக்கும்"னு ஒரு வரி எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. நிதானத்தை எத்தனை பேருக்கு வேணும்னாலும் கேக்கலாம், யாருக்கும் குறையாது. முதல் ரேங்கை அப்படிக் கேக்க முடியாதே.

உங்க வீட்டுல என்ன வேண்டிக்கிறீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.