இரவுப் படமும் மேனுவல் முறையும்: ஐ.எஸ்.ஓ. கடைசியில் வரட்டும்!

இரவில் எடுத்த படம் சரியாக வரவில்லை என்றால் பலரும் முதலில் குறை சொல்வது கேமராவைத்தான். அடுத்தது ஐ.எஸ்.ஓ.வை. உண்மையில் பெரும்பாலான இரவுப் படங்கள் கெடுவது ஃபோகஸில்தான்! அதனால் மேனுவல் முறையில் முதலில் ஃபோகஸ், பிறகு அபெர்ச்சர், பிறகு ஷட்டர், கடைசியில்தான் ஐ.எஸ்.ஓ. என்ற வரிசையில் போவதே சரி.

மார்கழி இரவில் மொட்டை மாடியிலிருந்து திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் ஓரியன் கூட்டத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது சாதாரண டி.எஸ்.எல்.ஆர்., அதோடு வரும் 18-55 லென்ஸ், ஒரு முக்காலி. அவ்வளவுதான்.

ஆட்டோவில் வைத்தால் என்ன ஆகும்? கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்பாக இருக்க வேண்டிய வானத்தையும் அது சாம்பல் ஆக்கப் பார்க்கும். போதாக்குறைக்கு ஃபிளாஷ் வேறு அடிக்கும். சில மீட்டர் தூரமே எட்டும் அந்த வெளிச்சத்தால் நட்சத்திரத்துக்கு என்ன பயன்? ஆட்டோ ஃபோகஸோ பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்கும்.

எனவே டயலை M-இல் வைத்து, லென்ஸை MF-க்கு மாற்ற வேண்டும். பலர் இங்கே ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறி வரை திருப்பிவிட்டு நிம்மதி ஆகிவிடுகிறார்கள். அதுதான் தவறு. பல ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்கள் முடிவிலியையும் தாண்டிச் சற்றுத் திரும்பும்படி செய்யப்பட்டவை. லைவ் வியூவைப் போட்டு, ஓரியனுக்கு அருகில் பளிச்சென்று தெரியும் சிரியஸை 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். பிறகு வளையத்தையோ ஜூமையோ தொடக்கூடாது. லென்ஸில் அதிர்வு தடுப்பு இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும்.

அபெர்ச்சரில் யோசிக்க ஒன்றுமில்லை. 18 மி.மீ.யில் இந்த லென்ஸ் திறக்கும் அளவு f/3.5. அதை முழுதாகத் திறந்து வைக்க வேண்டியதுதான்.

ஷட்டரை எவ்வளவு நேரம் திறக்கலாம்? பூமி சுழல்வதால் நேரம் கூடினால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகிவிடும். இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். சென்சார் சிறியதாக இருந்தால் குவியத் தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18-க்கு 27 வரும். 500-ஐ 27-ஆல் வகுத்தால் சுமார் 18. ஆக 15 விநாடி வைக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு சிறிய பிரிண்டுக்குத்தான் பொருந்தும். ஓரியன் வான நடுக்கோட்டில் இருப்பதால் வேகமாக நகரும். 24 மெகாபிக்சல் கேமராவில் 15 விநாடிக்குள் சுமார் 5 பிக்சல் நகர்ந்துவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் 8 அல்லது 10 விநாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போதுதான் ஐ.எஸ்.ஓ. அது சென்சாருக்கு ஒரு துளி வெளிச்சம்கூடக் கூடுதலாகக் கொண்டுவராது. வந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவே. புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸுக்கு முக்கியக் காரணம் வெளிச்சம் குறைவாக வந்தது. அதனால் நாய்ஸுக்குப் பயந்து 400-இல் எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சமாக்கினால் நாய்ஸ் குறையாது. சில கேமராக்களில் கூடவே செய்யும். 1600-இல் தொடங்கலாம். நகர விளக்குகளால் வானம் செம்மண் நிறமாக வெளுத்துப்போனால் 800-க்கு இறக்கலாம்.

ஐ.எஸ்.ஓ. இரட்டித்தால் ஷட்டர் நேரத்தைப் பாதியாக்கலாம் என்பது இங்கே நன்றாகக் கைகொடுக்கும். 6400-இல் 4 விநாடி வைத்து ஒரு சோதனைப் படம் எடுத்தால், அதன் வெளிச்சம் 1600-இல் 15 விநாடிக்கு ஏறக்குறைய சமம். ஃபிரேம் சரியா, ஃபோகஸ் சரியா என்று உடனே தெரிந்துவிடும். பிறகு 2 விநாடி டைமரில் நிஜப் படத்தை எடுக்கலாம். பட்டனை அழுத்தும் ஆட்டம் படத்தில் வராது.

எடுத்ததும் கேமராத் திரையை மட்டும் நம்பக்கூடாது. இருட்டில் அது எதையும் பளிச்சென்றே காட்டும். ஹிஸ்டோகிராமின் மேடு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை; இடமிருந்து கால் பங்கு தள்ளி நின்றால் சரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தால் ஷட்டர் நேரம் அதிகம். வட்டமாக உப்பியிருந்தால் ஃபோகஸ் தவறு. கோணல்மாணலாக நெளிந்திருந்தால் முக்காலி ஆடியிருக்கிறது. மூன்றில் எதற்கும் ஐ.எஸ்.ஓ. காரணமில்லை, விலை உயர்ந்த கேமராவும் மருந்தில்லை!