படம் சொல்லாததைச் சொல்லுங்கள்

பீன்யாவில் தொழிற்பேட்டை வளரத் தொடங்கிய நாளில் ஊரைவிட்டு வந்த தமிழ்த் தொழிலாளரைப் பற்றி ஒரு சிறு ஆவணப்படம் எடுக்க வேண்டுமென்று எங்கள் பகுதி அன்பர்கள் சிலர் முனைந்தார்கள். உரை எழுதும் பொறுப்பு என்மீது விழுந்தது. அந்தக் காலத்தில் நம்மவரைப் படச்சுருளில் பிடித்தவர் யார்? ஓய்வு பெற்ற லேத் தொழிலாளி ஒருவருடைய தகரப் பெட்டியில் 11 புகைப்படங்களும் 23 இன்லண்ட் கடிதங்களும் இருந்தன. கைவசம் இருந்தது அவ்வளவுதான்.

நான் முதலில் எழுதியது, "இதோ, வெள்ளைச் சட்டை அணிந்து ஸ்டுடியோவில் நிற்கிறார்" என்ற தோரணையில் இருந்தது. அதைத்தான் பார்ப்பவர் கண்ணே பார்த்துவிடுகிறதே! குரலுக்கு அங்கே வேலை இல்லை.

இந்தக் கலைக்கு நல்ல பாடம் 1957-ல் கனடா திரைப்பட வாரியம் வெளியிட்ட 'சிட்டி ஆஃப் கோல்ட்' என்ற குறும்படம். கோலின் லோ, உல்ஃப் கோனிக் ஆகிய இருவரும் இயக்கியது. தங்கம் தேடி மக்கள் குவிந்த டாசன் நகரின் கதையைப் பழைய புகைப்படங்களைக் கொண்டே சொன்னார்கள். முதலில் அன்றைய டாசன் வீதிகளைக் காட்டிவிட்டு, பிறகுதான் பழைய படங்களுக்குள் புகுகிறார்கள். 1897-98 குளிர்காலத்தில் சில்கூட் கணவாயின் பனிச் சரிவில் மனிதர்கள் எறும்பு வரிசையாக ஏறும் படம் புகழ்பெற்றது. வரிசையைப் படம் காட்டும். ஆனால் ஒவ்வொருவரும் ஓராண்டுக்கான பண்டங்களை, ஏறக்குறைய ஒரு டன் எடையை, முதுகில் சுமந்து அந்தச் சரிவைப் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதைப் படம் காட்டாது. குரல் சொல்ல வேண்டியது அதைத்தான்.

நம் பெட்டிக்கு வருவோம். ஒரு படத்தில் அந்த நண்பர் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு கடிதத்தில் தமையனாருக்கு எழுதுகிறார்: பிரஸ் இயந்திரத்தில் இடது கை விரல் ஒன்று போய்விட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று. எனக்கு உடனே கை துறுதுறுத்தது. "தாயிடம் காயத்தை மறைத்து எடுத்த படம் இது" என்று எழுதிவிட்டேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

ஆனால் படத்தின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரையோடு 12-11-78 என்று பேனாவால் எழுதியிருந்தது. கடிதத்தின் தபால் முத்திரையோ 1979 ஜனவரி. படம் எடுத்தபோது விரல் இருந்தது! நான் எழுதியது அழகான பொய். அதை அடித்துவிட்டு, "இந்தப் படம் எடுத்த நாளில் பைக்குள் இருந்த கையில் ஐந்து விரலும் இருந்தன" என்று எழுதினேன். உண்மை பொய்யைவிடக் கனமாக இருந்தது.

இனி இதைத் தாளில் எழுதும் முறை. தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் ஒலியையும் எழுத வேண்டும். அந்தக் கடிதப் பகுதியை நிதானமாகப் படிக்க 45 விநாடி ஆயிற்று. அத்தனை நேரமும் ஒரே படத்தை நிறுத்தினால் பார்ப்பவர் சலித்துப்போவார். ஆகவே தபால் முத்திரைக்கு 4 விநாடி, கடிதத்தில் ஒரே ஒரு வரிக்கு 5, முகத்துக்கு 8, பைக்குள் நுழைந்த கைக்கு 8, இன்றைய பீன்யாவில் ஒரு பட்டறை வாசலுக்கு 12, கடைசியில் முழுப் படத்துக்கு 8 என்று பங்கிட்டேன். முழுக் கடிதத்தையும் திரையில் காட்டக் கூடாது. கண் எழுத்துக் கூட்டத் தொடங்கினால் காது அடைத்துவிடும். திரையில் தெரியும் வரியும் அந்த நேரத்தில் குரல் படிக்கும் வரியும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

கையை மட்டும் பெரிதாக்குவதென்றால், படத்தை ஸ்கேன் செய்யும்போதே கவனம் தேவை. இரண்டு அங்குல அகலமுள்ள பகுதியை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் 600 புள்ளிதான் கிடைக்கும். சாதாரண எச்.டி. திரைக்கு 1,920 வேண்டும். அங்குலத்துக்கு 1,200 வீதம் எடுத்தால் தாராளமாகப் போதும். ஆனால் அச்சுப்படமே மங்கலாக இருந்தால் எந்த எண்ணிக்கையும் அதைக் கூர்மையாக்காது. அந்தப் படத்தை முழுதாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவதே மேல்.

ஒன்று மிச்சம் இருந்தது. அந்தக் கடிதம் ஊருக்குப் படித்துக் காட்ட எழுதியதல்ல. உரையை நண்பரிடம் நீட்டி, "இதைச் சேர்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மா கடைசி வரைக்கும் தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டாங்க. இப்ப படிங்க" என்றார்.