தரைத்தளத்து மகள்

முப்பதுகளின் பின்பாதியில் கல்யாணம் ஆகாதவரிடம் வீட்டார் பேசும் பேச்சு, இருபத்தெட்டு வயதில் பேசியதைப் போல இருப்பதில்லை. அப்போது ஜாதகம், தரகர், ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் மாப்பிள்ளை வீட்டார் என்று ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். முப்பத்தெட்டில் வரன் வருவது குறைந்துவிடும். பேச்சு மட்டும் குறையாது. அது மூன்று விதமாகப் பிரியும். "உன் கூடப் படிச்சவளுக்குப் பொண்ணு வயசுக்கு வந்துடுச்சு" என்பது குத்தல். "எங்க குடுத்து வச்சிருக்கு" என்பது புலம்பல். "எங்களுக்கப்புறம் உன்னை யாரும்மா பாத்துப்பாங்க?" என்பது கவலை. முதல் இரண்டுக்கும் பதில் கிடையாது, தேவையும் இல்லை. மூன்றாவது உண்மையான கேள்வி. மூன்றையும் ஒரே தொல்லையாக எடுத்துக்கொள்ளும்போது, பதில் சொல்லக்கூடிய அந்த ஒரு கேள்வியும் பதிலில்லாமல் போகிறது.

கொடுங்கையூரில் இந்தக் கேள்வி வீட்டின் அமைப்பிலேயே தெரியும். 1970களின் கடைசியில், உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கத்தோடு இங்கும் சிறு மனைகள் பிரித்துத் தரப்பட்டன. கையில் காசு சேரச் சேர அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படி வளரும் வீட்டில் அடுத்த தளம் எழும்புவதற்குப் பெரும்பாலும் ஒரு கல்யாணம்தான் காரணமாக இருக்கும். மூத்த மகனுக்குப் பெண் பார்த்தால் முதல் மாடி; இளையவனுக்கு என்றால் அதன்மேல் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறையாவது வரும். கல்யாணம் ஆகாத மகள் சம்பாதித்தாலும் தரைத்தளத்துக் கூடத்தில், ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவே பாய் விரித்துப் படுக்கிறாள். அவள் துணிமணிக்கு அம்மாவின் பீரோவில் கீழ்த்தட்டு. கட்டிக்கொண்டு போகிறவள்தானே என்று அவளுக்கென்று எதுவும் நிலையாக ஒதுக்கப்படுவதில்லை.

வீட்டின் மற்ற ஏற்பாடுகளும் இப்படியே காத்திருப்பில் நிற்கும். அவளுக்கென்று சேர்த்த நகை லாக்கரைவிட்டு வெளியே வராது. கோவளத்தைத் தாண்டியுள்ள திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலில், கல்யாணம் வேண்டி வருபவருக்கு அர்ச்சித்த மாலையைக் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்றுச் சுற்றச் சொல்வார்கள். அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்து, கல்யாணம் முடிந்த பிறகு துணையோடு போய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். கல்யாணம் நடக்காத வீட்டில் அது பூஜை அலமாரி ஆணியில் நாரும் சருகுமாகத் தொங்கும். விளக்கேற்றும்போதெல்லாம் அம்மாவின் கண்ணில் படும். பேச்சு அன்றாடம் புதிதாகத் தொடங்குவதற்கு இப்படிப்பட்ட பொருள்கள் போதும். வீடு காத்திருப்பதை நிறுத்தாதவரை பேச்சும் நிற்காது.

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தகப்பனார் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனை அவர் பெயரில் ஒதுக்கப்பட்டு, தவணை கட்டி முடித்தது. மாடியில் மகனும் மருமகளும். கீழே பெற்றோருடன் மகள். வயது முப்பத்தெட்டு, தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. "யார் பாத்துப்பாங்க" என்று அந்தத் தாய் கேட்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எங்கே இருப்பாள், எதை வைத்துச் சாப்பிடுவாள், முடியாதபோது யார் வருவார்?

முதல் கேள்விக்குச் சட்டம் பாதி பதில் சொல்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 வரை ஒரு பிரிவு இருந்தது. ஆண் வாரிசுகள் குடியிருக்கும் வீட்டைப் பங்கு பிரிக்கும்படி பெண் வாரிசு கேட்க முடியாது. கல்யாணம் ஆகாதவளுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை மட்டும் உண்டு. 2005 திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. ஆனால் சிறு மனையில் மூன்றில் ஒரு பங்கு என்பது காகிதத்தில்தான் பங்கு. சுவர் எழுப்பிப் பிரிக்க இடமிருக்காது. எனவே தகப்பனார் இருக்கும்போதே எந்தத் தளம் யாருக்கு என்று எழுதிவிடுவதே வழி. செட்டில்மென்ட் பத்திரம் என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், பிறகு மாற்றுவது கடினம். உயில் அவர் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும், இடையில் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். "தங்கச்சியை நான் விட்டுடுவேனா" என்று அண்ணன் சொல்வதை நம்பி எழுதாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அவன் நல்லவனாகவே இருக்கலாம். அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளுக்கு அந்த வாக்கு கட்டுப்பாடு ஆகாது.

இரண்டாவதில் ஒரு பொய்யான ஆறுதல் உண்டு. ரயில்வே குடும்பங்களில் "அப்பா பென்ஷன் உனக்கு வரும்" என்பார்கள். கல்யாணம் ஆகாத மகளுக்கு 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் தாய்க்குப் பிறகே அது அவள் முறை. அதுவும் அவள் பெற்றோரைச் சார்ந்து வாழ்ந்தவளாக இருக்க வேண்டும். மாத வருமானம் 9,000 ரூபாயையும் அதற்கான அகவிலைப்படியையும் எட்டிவிட்டால் சார்ந்திருப்பவள் என்ற கணக்கில் வரமாட்டாள். வேலைக்குப் போகும் மகள் இதை நம்பியிருக்க முடியாது. அவளுடைய பி.எஃப்.பும் சேமிப்பும்தான் அவளுக்கு. லாக்கர் நகையையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால், அது நடக்காத கல்யாணத்தின் சீர் என்ற நிலையிலிருந்து அவள் சொத்தாகிறது.

மூன்றாவதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. கல்யாணம் ஆகாத பிள்ளைதான் பெற்றோரைக் கடைசிவரை பார்க்கும் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு. அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது என்று மட்டும் பேசப்படுவதில்லை. மருத்துவமனைக்கு அழைத்துப் போவதையும் மருந்துச் செலவையும் அண்ணனோடு இப்போதே பங்கிட்டுக்கொண்டால், பின்னால் அவளுக்காகக் கேட்கும்போது அது தயவாக இருக்காது.

குழந்தை ஆசை இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு. 2022 தத்தெடுப்பு விதிகளின்படி, தனியாக வாழ்பவர் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்டுப் பதிவு செய்ய நாற்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. நான்கு வயது வரையிலான குழந்தைக்கு நாற்பத்தைந்து வரை. ஆணும் தத்தெடுக்கலாம், ஆனால் பெண் குழந்தையை எடுக்க முடியாது. முப்பத்தெட்டு வயதில் கல்யாணத்துக்காக இதைத் தள்ளிப்போடுபவர் இரண்டையும் இழக்க நேரலாம்.

இவையெல்லாம் முடிந்தாலும் பேச்சு முழுதாக நிற்காது. வளைகாப்பிலும் காதுகுத்திலும் ஓர் அத்தையாவது கேட்கத்தான் செய்வார். "இல்லைங்க அத்தை, இப்படியே இருக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்று ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் சொல்வது நீண்ட விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. தனிமை சில நாள் கனக்கும். கல்யாணம் ஆனவர்களுக்கும் அப்படி நாள்கள் உண்டு என்பதால் அது லேசாகிவிடாது. ஆனால் தாயின் கவலை அடங்கியதா என்பது வீட்டுக்குள் தெரியும். அவர் வரனைப் பற்றிக் கேட்பதை விட்டு, கீழ்த்தளத்துக் கூடத்தில் தடுப்பு போட்டு மகளுக்கு ஓர் அறை எடுக்க எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்கத் தொடங்கியிருப்பார்.