அசல் எங்கே போயிற்று?

குன்னூருக்கு அருகே ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டமும் தனியார் பள்ளி வேலையுமாக வாழும் என் முன்னாள் மாணவர் ஒருவர், அண்மையில் தம் வீட்டுக் கடனின் தவணை அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். அதன்கீழ் ஒரே ஒரு கேள்வி: "ஐயா, மொத்தம் எவ்வளவு வட்டி கட்டப் போகிறேன்?"

2021 மார்ச் மாதத்தில் 20 லட்சம் ரூபாய் கடன். மாறும் வட்டி, தொடக்கத்தில் 7 சதவீதம். இருபது ஆண்டு, அதாவது 240 தவணைகள். மாதத் தவணை 15,506 ரூபாய். பெருக்கிக் கழித்தால் மொத்த வட்டி ஏறத்தாழ 17.21 லட்சம் என்று வரும். இந்த விடையை நான் அவருக்கு அனுப்பவில்லை. காரணம், அவர் அனுப்பிய அட்டவணை கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் தரப்பட்டது. வட்டி விகிதம் கடைசிவரை மாறாதிருந்தால் மட்டுமே அது உண்மை. மாறும் வட்டிக் கடனில், முதல் வட்டி மாற்றத்தன்றே அது காலாவதியாகிவிடுகிறது.

அட்டவணையைப் படிக்கும் முறை எளிது. ஒவ்வொரு மாதமும் நிலுவையில் உள்ள அசலுக்கு முதலில் வட்டி கணக்கிடப்படும். தவணையில் அந்த வட்டி போக மிஞ்சுவதே அசலில் கழியும். இவருடைய முதல் தவணையில் 11,667 ரூபாய் வட்டி. 3,839 ரூபாய்தான் அசல். நிலுவை குறையக் குறைய வட்டிப் பகுதி சுருங்கி, அசல் பகுதி வளரும். முதல் இரண்டு ஆண்டுகளில் அவர் கட்டிய 3.72 லட்சத்தில் அசலுக்குப் போனது 98,600 ரூபாய், நிலுவை 19.01 லட்சம்.

இதற்குப் பிறகுதான் கதை மாறுகிறது. ரிசர்வ் வங்கி 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகப் படிப்படியாக உயர்த்தியது. ரெப்போவுடன் இணைக்கப்பட்ட கடன்களில் அந்த உயர்வு அப்படியே ஏறியது. கணக்கை எளிமையாக்க, இரண்டாம் ஆண்டு முடிவில் இவருடைய வட்டி ஒரே நாளில் 9.5 சதவீதமானதாகக் கொள்வோம். 19.01 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 15,053 ரூபாய். தவணையோ அதே 15,506. அசலில் கழிவது வெறும் 453 ரூபாய்!

மாணவர் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வழியும் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் அதே தொகைதான் போய்க்கொண்டிருந்தது. கடன் கொடுத்த நிறுவனம் தவணையை உயர்த்தாமல், கடன் காலத்தை மட்டும் நீட்டியிருந்தது. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் அவர் கட்டியது மீண்டும் 3.72 லட்சம்; அசலில் குறைந்தது ஏறத்தாழ 11,900 ரூபாய்.

அந்த நிலையே தொடர்ந்தால் கடன் தீர இன்னும் 448 மாதங்கள், அதாவது 37 ஆண்டு 4 மாதங்கள் ஆகும். அதற்கு மாறாக, எஞ்சிய 18 ஆண்டுகளுக்குள்ளேயே முடிப்பதென்று தவணையை 18,404 ரூபாயாக உயர்த்தியிருந்தால் மாதம் கூடுதலாக 2,898 ரூபாய் தேவைப்பட்டிருக்கும். முதல் வழியில் இனிக் கட்ட வேண்டிய வட்டி 50 லட்சத்தைத் தாண்டும். இரண்டாவதில் 21 லட்சத்துக்குள் அடங்கும். நடைமுறையில் கடனாளியின் வயது வரம்பு குறுக்கிடும் என்பதால் நிறுவனங்கள் இவ்வளவு தூரம் காலத்தை நீட்டுவதில்லை. ஓரளவு நீட்டி, பிறகு தவணையை உயர்த்துகின்றன. ஆனால் அந்த உயர்வு, கடனாளி ஓய்வுபெறும் வயதை நெருங்கும்போது வந்து சேர்கிறது.

"வட்டிதான் இப்போது குறைந்துவிட்டதே" என்று கேட்கலாம். 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ விகிதம் 1.25 சதவீதப் புள்ளி குறைக்கப்பட்டது உண்மை. அந்தக் குறைப்பு முழுவதும் நான்காம் ஆண்டு முடிவிலேயே இவருக்குக் கிடைத்துவிட்டதாகத் தாராளமாகவே கணக்கிட்டுப் பார்த்தேன். வட்டி 8.25 சதவீதம், தவணை அதே 15,506 என்றால் மீதமுள்ள தவணைகள் 265-க்கு மேல். இருபது ஆண்டுக் கடனை நான்கு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகு, இன்னும் 22 ஆண்டுகள் பாக்கி!

இந்தச் சிக்கலை ரிசர்வ் வங்கி அறியாமல் இல்லை. 2023 ஆகஸ்ட் 18-ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையில், வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடனாளிக்கு வழங்க வேண்டும் என்றது. காலத்தை நீட்டும்போது, தவணை வட்டிக்கே போதாமல் அசல் வளரும் நிலை உருவாகக் கூடாது என்றது. அதுவரை வசூலான அசல், வட்டி, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை ஆகியவை அடங்கிய அறிக்கை ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் கடனாளிக்குக் கிடைக்க வேண்டும் என்றது. பழைய கடன்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் உரிமை இருப்பதும் அதைப் பயன்படுத்துவதும் ஒன்றல்ல. குறுஞ்செய்தி ஒன்று ஆங்கிலத்தில் வருகிறது. கடனாளி பதில் சொல்லாவிட்டால் காலம் நீள்கிறது. மௌனம் சம்மதமாகிவிடுகிறது. மாணவரின் நிறுவனமும் அப்படியொரு செய்தி அனுப்பியிருக்கக்கூடும், அவருக்கு நினைவில்லை.

நீலகிரியில் இந்த மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை சரிந்தால் பசுந்தேயிலை விலையும் சரிகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்தே கருகிவிடுகிறது. இத்தகைய வருமானம் உள்ளவருக்குத் தவணை உயராதது சலுகையாகவே தெரியும். மாதந்தோறும் 2,898 ரூபாய் கூடுதலாகக் கட்டு என்று அவரிடம் சொல்வது நியாயமுமல்ல. ஆனால் கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் கையில் சேரும் பணத்தைக் கொண்டு அசலில் ஒரு பகுதியை அடைக்கலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி கூறிவிட்டது. வட்டி 9.5 சதவீதமான அந்த நாளில், 50,000 ரூபாயை ஒரே ஒரு முறை கட்டி, தவணையை மாற்றாமல் விட்டிருந்தாலே, 448 தவணைகள் 369 ஆகக் குறைந்திருக்கும்.

2024 அக்டோபர் முதல், புதிதாகத் தனிநபர் கடன் வாங்குவோருக்கு முக்கிய விவர அறிக்கையை அவர்களுக்குப் புரியும் மொழியில், தவணை அட்டவணையுடன் தர வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. நல்ல விதி, ஆனால் அது கடனின் முதல் நாளோடு நின்றுவிடுகிறது. வட்டி மாறும் ஒவ்வொரு முறையும் புதிய அட்டவணை ஒன்று தமிழிலேயே வர வேண்டும். தவணை மாறாவிட்டால் மொத்த வட்டி எவ்வளவு, காலம் மாறாவிட்டால் எவ்வளவு என்ற இரு தொகைகளும் அதில் அருகருகே இருக்க வேண்டும். கடனாளியின் பதில் வராமல் காலத்தை நீட்டவும் கூடாது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஏற்கெனவே உள்ள இரு சுற்றறிக்கைகளை இணைத்தாலே போதும்.

மாணவருக்கு நான் இப்படித்தான் பதில் எழுதினேன்: "நீ அனுப்பியது பழைய அட்டவணை. கிளைக்குச் சென்று இன்றைய தேதியிட்ட அட்டவணையை வாங்கு. மொத்த வட்டியைப் பார்ப்பதற்கு முன், கடந்த பன்னிரண்டு மாதங்களில் அசல் என்ற பத்தியில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று கூட்டிப் பார். பிறகு பேசுவோம்."

மறுவாரம் அவர் அனுப்பிய புதிய அட்டவணையின் கடைசி வரியில் இருந்த ஆண்டில், அவருக்கு வயது அறுபத்தெட்டு ஆகியிருக்கும்.