'மன்னிச்சிருங்க அண்ணே'ன்னு உங்க நாய் நிஜமாவே சொல்லுச்சா?

தரையில கிழிஞ்ச மக்ரூன் டப்பா. பக்கத்துல தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிற நாய். கீழே கேப்ஷன்: "மன்னிச்சிருங்க அண்ணே... தூத்துக்குடி மக்ரூன்னா கண்ட்ரோல் பண்ண முடியலலே!"

இப்படி ஒரு போஸ்ட்டைப் பார்த்தா நீங்களும் ஹார்ட் போட்டுட்டுத்தான் நகர்வீங்க. செல்லமே பேசுற மாதிரி கேப்ஷன் எழுதுறதுல பெரிய ஹிட்டே இந்த 'குற்றத்தை ஒப்புக்கொள்ளும்' ரகம்தான். செஞ்ச தப்பை ஒரு அட்டையில எழுதி நாய் பக்கத்துல வெச்சு போட்டோ எடுக்குற 'டாக் ஷேமிங்' 2012-லேயே உலகம் முழுக்க பரவிடுச்சு. இங்கே அட்டை இல்லை, கேப்ஷன் இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா, அந்த முகம் உண்மையிலேயே 'ஸாரி' சொல்லுதா?

அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. மொத்தம் 14 நாய்கள். "இதைச் சாப்பிடக் கூடாது"ன்னு சொல்லிட்டு, தின்பண்டத்தை வெச்சுட்டு ஓனர் வெளியே போயிடுவார். அந்த நேரத்துல சில தடவை நாய் அதைச் சாப்பிடும்; சில தடவை சாப்பிடாது. ட்விஸ்ட் என்னன்னா, திரும்பி வர்ற ஓனர்கிட்ட சில சமயம் பொய்யான தகவலைச் சொன்னாங்க. அதனால, எதையுமே தொடாத நாய்க்கும் திட்டு விழுந்துச்சு.

ரிசல்ட்? அந்த 'குற்ற உணர்ச்சி' முகம், நாய் தப்பு செஞ்சதா இல்லையாங்கிறதைப் பொறுத்து வரல. ஓனர் திட்டினாரா இல்லையாங்கிறதைப் பொறுத்துதான் வந்துச்சு. சொல்லப்போனா, தப்பே செய்யாம திட்டு வாங்கின நாய்கள்கிட்டதான் அது அதிகமா தெரிஞ்சது. அதாவது, நம்ம கேப்ஷன்ல 'மன்னிச்சிருங்க'ன்னு எழுதுற இடத்துல, நாய் சொல்றது 'கோபப்படாதீங்க, பயமா இருக்கு'ங்கிறதுதான்.

கேப்ஷன்தானே, விடுங்கன்னு தோணலாம். ஆனா, 'அதுக்கே தெரியுது பாரு, தப்புன்னு' என்று நம்பிட்டா, அடுத்த தடவை இன்னும் சத்தமா திட்டுவோம். டப்பா கிழிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திட்டினா, எதுக்குத் திட்டுன்னு நாய்க்குப் புரியாது. நீங்க வீட்டுக்குள்ள வந்தாலே பயம்னுதான் கத்துக்கும்.

இதைவிட ரிஸ்க்கான கேப்ஷன் ஒண்ணு இருக்கு. வீட்டுக் குட்டிப் பையன் நாயோட கழுத்தைக் கட்டிப்பிடிச்சிருப்பான். கீழே, "என் தம்பின்னா எனக்கு உசுரு!" உளவியல் பேராசிரியர் ஸ்டான்லி கோரன் 2016-ல இணையத்துல கிடைச்ச இதே மாதிரி 250 போட்டோக்களை எடுத்துப் பார்த்தார். 81.6 சதவிகிதப் படங்கள்ல, நாய்கிட்ட அசௌகர்யத்தோட ஓர் அறிகுறியாவது இருந்துச்சு. இது ஒருத்தர் தனியா பார்த்துச் சொன்ன கணக்கு, முறைப்படியான ஆய்வுக் கட்டுரை இல்லை. ஆனாலும், தேடவேண்டிய இடம் எதுன்னு காட்டுது. நாய்க்குப் பிடிக்காதப்போ முதல்ல விலகப் பார்க்கும். கட்டிப்பிடிச்சா அதுக்கு வழி இல்லை. அடுத்தது உறுமல், அப்புறம் கடி. குழந்தையோட முகம் அப்போ நாயோட வாய்க்குப் பக்கத்துலதான் இருக்கும்.

அதனால போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி, கேப்ஷனை மறந்துட்டு போட்டோவை மட்டும் ஜூம் பண்ணிப் பாருங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டு, கண்ணோட வெள்ளை பிறை மாதிரி தெரியுதா? காது பின்னாடி ஒட்டியிருக்கா? சாப்பாடு எதுவும் இல்லாம உதட்டை நக்குதா? தூக்கம் இல்லாத நேரத்துல கொட்டாவி விடுதா? வால் காலுக்கு நடுவுல போயிடுச்சா? ரெண்டு மூணு சேர்ந்து இருந்தா, அது சந்தோஷமான போட்டோ இல்லை.

ஒரு விஷயம் கவனிக்கணும். கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் சும்மா நிக்கும்போதே வாலைத் தாழ்த்தித்தான் வெச்சிருக்கும். அதனால வாலை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. உங்க நாய் ரிலாக்ஸா இருக்கும்போது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல? அதோட ஒப்பிடுங்க.

அப்போ நாய் குரல்ல கேப்ஷனே எழுதக் கூடாதா? தாராளமா எழுதலாம். நாய்க்கு என்ன தோணுதுன்னு போட்டோல தெரியுதோ, அதை எழுதுங்க. அந்த மக்ரூன் போட்டோவுக்கு என் சாய்ஸ் இதுதான்: "அண்ணே, டப்பாவைக் கீழே வெச்சது நீங்க. அப்புறம் ஏன் என்னைப் பார்த்து கத்துறீங்க?"

காமெடியும் குறையல. நாயும் பொய் சொல்லல.